ஆறு அங்குலப் பைப் போட்டால் அடைப்பு நிற்குமா?

"ஐயா, எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பின்பக்க பாத்ரூமிலிருந்து கேற்றடியில் உள்ள எங்கள் மேன்ஹோல் வரை 22 மீற்றர் தூரம். நாலு அங்குல பி.வி.சி பைப் நேராகப் போகிறது. மொத்த இறக்கம் 18 சென்ரிமீற்றர்தான். மேன்ஹோலின் அடியில் ஓடும் வாய்க்காலுக்கு மேலே கிட்டத்தட்ட ஒரு சாண் உயரத்தில் பைப் வந்து விழுகிறது. பாத்ரூமைத் திருத்தி 6 லீற்றர் பிளஷ் கொமட் வைத்த பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அடைக்கிறது. வாஷிங் மெஷின் தண்ணீர் தனிப் பைப்பில் கேற்றடிக்குப் போகிறது. மேசன் பாஸ் ஆறு அங்குலப் பைப் போட்டால் சரியாகும் என்கிறார். போடலாமா?"

போட வேண்டாம். அந்தக் காசை மண் தோண்டச் செலவழியுங்கள். இதே நாலு அங்குலப் பைப்பை மேன்ஹோல் பக்கம் இன்னும் 13 சென்ரிமீற்றர் கீழே இறக்கிப் பதித்தால் போதும். அந்த இறக்கம் உங்கள் மேன்ஹோலுக்குள்ளேயே சும்மா கிடக்கிறது.

காரணம் இதுதான். மலக்குழாயில் திண்மம் படியாமல் ஓட, தண்ணீர் விநாடிக்கு ஏறக்குறைய 0.6 முதல் 0.75 மீற்றர் வரை வேகம் எடுக்க வேண்டும். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வேகம் என்று சொல்வது இதைத்தான். அதற்குக் கீழே போனால் முதலில் மணலும் கனமான துகளும் அடியில் தங்கும். அந்தச் சொரசொரப்பில் தாள் பிடிக்கும், தாளில் மற்றதெல்லாம் பிடிக்கும். வேகத்தைக் கணக்கிட எல்லோரும் பாவிப்பது மானிங் சூத்திரம்:

```
V = (1/n) × R^(2/3) × S^(1/2)
```

இதில் S என்பது வாட்டம், அதாவது பைப்பின் நீளத்துக்கு எவ்வளவு இறக்கம் என்பது. n என்பது பைப்பின் உட்புறச் சொரசொரப்பு. புதிய பி.வி.சிக்கு 0.010 அளவில் வரும், ஆனால் பாவித்துப் படிவு பிடித்த பைப்புக்கு நான் 0.013 என்றுதான் எடுப்பேன். R தான் இங்கே முக்கியம். ஓடும் தண்ணீரின் குறுக்குவெட்டுப் பரப்பை, அந்தத் தண்ணீர் பைப்பைத் தொடும் விளிம்பின் நீளத்தால் வகுத்து வருவது R. பைப்பின் அளவு பெரிதாகி, ஓடும் தண்ணீர் கூடாவிட்டால், அது அகலமாகப் பரவி ஆழம் குறையும். R அதிகரிக்காது.

உங்கள் வீட்டுக்கே கணக்குப் போட்டேன். 22 மீற்றருக்கு 18 சென்ரிமீற்றர் என்றால் வாட்டம் 1:122. கொமட் பிளஷ் வரும்போது பைப்பில் விநாடிக்கு 1.5 லீற்றர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள நாலு அங்குலப் பைப்பில் தண்ணீர் 39 மில்லிமீற்றர் ஆழத்தில், விநாடிக்கு 0.53 மீற்றர் வேகத்தில் போகும். அதே வாட்டத்தில் ஆறு அங்குலம் போட்டால் ஆழம் 33 மில்லிமீற்றர், வேகம் 0.51. ஒரு துளிகூட முன்னேற்றம் இல்லை. ஆழமும் குறைந்துவிட்டது. திண்மத்தைத் தூக்கிக்கொண்டு போக ஆழமும் வேண்டும்.

பாஸ் சொல்வதற்கும் ஓர் அடிப்படை உண்டு. நாலு அங்குலத்துக்கு 1:40, ஆறு அங்குலத்துக்கு 1:60, ஒன்பது அங்குலத்துக்கு 1:90 என்று ஆங்கிலேயர் காலத்திலிருந்து ஒரு விதி இருக்கிறது. பைப் பெருத்தால் வாட்டம் குறையலாம் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது பைப்பின் அளவுக்கு ஏற்றபடி தண்ணீரும் ஓடும் என்று நினைத்துச் சொன்னது. பிரித்தானியக் கட்டட வழிகாட்டி இன்றும் ஆறு அங்குலப் பைப்பை 1:150 வரை தட்டையாகப் போட இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பைப்பில் குறைந்தது ஐந்து கொமட்டாவது விழ வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். நாலு அங்குலத்துக்கு அதே வழிகாட்டி சொல்வது 1:80, ஒரு கொமட் இருந்தாலே போதும். உங்களுடையது நாலு அங்குல வீடு.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் இதே ஆலோசனையைக் கேட்டு ஆறு அங்குலமாக மாற்றினார்கள். ஐந்தாவது மாதம் மறுபடியும் அடைத்தது. நான் போய்ப் பார்த்தபோது பைப்பின் அடியில் நடுவில் ஒரு கைவிரல் அகலத்துக்குத்தான் தண்ணீர் ஓடிய தடம் இருந்தது. இரு பக்கமும் காய்ந்து இறுகிய படிவு. வீட்டுக்காரருக்கு முற்றத்துத் தரையை இரண்டு தடவை உடைத்த செலவு.

இனி, புதிய கொமட் வந்த பிறகு ஏன் தொடங்கியது என்று கேட்பீர்கள். வீட்டுப் பைப்பில் தண்ணீர் எந்நேரமும் ஓடாது. பிளஷ் ஓர் அலையாக வருகிறது. அலை திண்மத்தைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், போகப் போகத் தட்டையாகி வலு இழக்கும், திண்மம் அங்கேயே நின்றுவிடும். அடுத்த பிளஷ் வந்து அதை இன்னும் கொஞ்ச தூரம் நகர்த்தும். பழைய கொமட்டுகள் 9 லீற்றரும் அதற்கு மேலும் விட்டன, அதனால் அலை நீண்டு போனது. 6 லீற்றரில் அலை குட்டை. ஆகவே நான் எடுத்த 1.5 லீற்றர் என்பதும் கொமட்டுக்குக் கிட்டத்தான். 15, 18 மீற்றர் தாண்டும்போது அது இன்னும் குறைந்திருக்கும். அடைப்பு பெரும்பாலும் மேன்ஹோலுக்குச் சற்று முன்னால்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடைப்பு எடுக்கும் கம்பி கேற்றடியிலிருந்து எத்தனை மீற்றரில் போய் முட்டுகிறது என்று பாருங்கள்.

வாஷிங் மெஷின் விஷயத்தை அதனால்தான் நீங்கள் எழுதியதில் மிக முக்கியமாக எடுத்தேன். துணி துவைத்த தண்ணீர் மெஷின் பம்பிலிருந்து நிமிடக்கணக்கில் தொடர்ந்து கொட்டும். பிளஷ் ஒரு சில விநாடிதான். அந்தத் தண்ணீரைக் கேற்றடிக்கு விடாமல், கொமட் பைப்பின் மேல் முனையில், பாத்ரூமுக்குப் பின்னால் சேர்த்துவிடுங்கள். வாசனை வராதபடி ட்ராப் ஒன்று வைக்க வேண்டும். குளியலறைத் தண்ணீரும் அங்கேயே சேரட்டும். சமையலறைத் தண்ணீரை மட்டும் சேர்க்காதீர்கள். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் பைப்பில் இறுகி, நாம் கூட்டிய வேகத்தைத் தின்றுவிடும். கூரைத் தண்ணீரையும் இதற்குள் விடக் கூடாது. மழையில் ஒழுங்கைப் பைப் நிரம்பி வீட்டுக்குள் திரும்பும்.

சரி, வாட்டத்துக்கு வருவோம். 1:80 போதும்தான், ஆனால் கைவேலையில் சில மில்லிமீற்றர் எப்படியும் தவறும். நான் 1:70 என்று வைப்பேன். 22 மீற்றருக்கு அது 31 சென்ரிமீற்றர் இறக்கம். இருக்கும் 18 போக, இன்னும் 13 வேண்டும். மேன்ஹோலுக்குள் வாய்க்காலுக்கு மேலே உங்களுக்கு ஒரு சாண் இருப்பதால், 13 இறக்கினாலும் பைப் வாய்க்காலுக்கு மேலேதான் விழும். வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், கேற்றடித் தண்ணீர் பைப்புக்குள் எதிர்த்து ஏறி, அதுவே திண்மத்தை நிறுத்திவிடும். இந்த வாட்டத்தில் அதே 1.5 லீற்றருக்கு வேகம் 0.65 ஆகிறது. ஆறு அங்குலம் கொடுத்த 0.51ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடற்பக்க மணல் தோண்டினால் சரியும், அதனால்தான் முதலில் செய்தவர் ஆழம் போகாமல் விட்டிருப்பார். குழியின் இரு பக்கமும் பலகை முட்டுக் கொடுத்து வேலை செய்யச் சொல்லுங்கள். வாட்டம் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஏழு அடி நீளமான நேர்ப்பலகை ஒன்றை எடுத்து, ஒரு முனையின் அடியில் 3 சென்ரிமீற்றர் உயரக் கட்டையை ஆணி அடித்துவிடுங்கள். கட்டையுள்ள முனை கேற் பக்கம் இருக்கும்படி பைப்பின் மேல் வைத்து, பலகையின் மேல் ரசமட்டம் வையுங்கள். குமிழ் நடுவில் நின்றால் 1:70 வந்துவிட்டது. ஒவ்வொரு பைப்பையும் பதிக்கும்போதே இப்படிப் பார்க்க வேண்டும். இரு முனையையும் மட்டும் அளந்தால் நடுவே தொய்ந்திருப்பது தெரியாது. கல்லின் மேல் வைக்காமல் தட்டையான மணல் படுக்கையில் வையுங்கள். இரண்டு விரல் தொய்வில் தேங்கும் தண்ணீரே அடைப்புக்குப் போதும், மொத்த வாட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

தொய்வு இருக்கிறதா என்று பார்க்க மண் மூடுமுன் மேல் முனையில் டோர்ச் அடித்து, மேன்ஹோலில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பைப் நேராகப் போவதால் வெளிச்சம் பூரண சந்திரனாகத் தெரிய வேண்டும். பிறையாகத் தெரிந்தால் நடுவே ஏறியோ இறங்கியோ இருக்கிறது, மண் போடாமல் அதைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஆறு கழிவறைத் தாள்களைக் கசக்கிக் கொமட்டில் போட்டு ஒரு பிளஷ் விடுங்கள். ஒருவர் மேன்ஹோலில் நிற்கட்டும். முதல் பிளஷிலோ இரண்டாவதிலோ தாள் வந்தால் மண்ணை மூடலாம். மூன்றாவதிலும் வராவிட்டால் எங்கே நிற்கிறது என்று கம்பியை விட்டு அளந்து, அந்த இடத்துப் பைப்பின் மேல் பலகையை மறுபடி வையுங்கள்.

மேன்ஹோலில் அந்த ஒரு சாண் உயரம் இல்லாதவர்களும் இதைப் படிப்பீர்கள். கொழும்புக் கரையோரம் தட்டையானது, ஒழுங்கைப் பைப்பே ஆழமில்லாத இடங்கள் உண்டு. அப்படியானால் கொமட் இருக்கும் தரையை ஒரு படி உயர்த்தலாம், பாத்ரூமைக் கேற் பக்கமாகக் கொண்டுவந்து தூரத்தைக் குறைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் சிறிய கழிவுநீர் பம்ப் ஒன்று வைக்கலாம். 12 மீற்றர் தூரத்துக்கு 1:122 வாட்டமே சில வீடுகளில் வருடக்கணக்காக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். 22 மீற்றரில் அது ஓடாது.