பத்து எண்ணுக்கு இடமில்லாத போஸ்டர்

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிப் புடவை விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் என்னை 4,000 பேர் பின்தொடர்கிறார்கள். என் ஓரகத்தி, எனக்கு இளையவள், டெரகோட்டா நகை செய்கிறாள். அவளுக்கு 1,800 பேர். ஆடி மாதம் இருவரும் சேர்ந்து ஒரு கிவ்அவே வைத்தோம். இரண்டு பக்கத்தையும் ஃபாலோ செய்து மூன்று தோழிகளை டேக் செய்தால், குலுக்கலில் ஒருவருக்குப் புடவையும் நகை செட்டும் பரிசு. போஸ்டரில் இடம் பத்தாததால் என் நம்பரை மட்டும் போட்டோம். 900 பேர் புதிதாக வந்தார்கள். முடிவு சொன்ன வாரமே பாதிப் பேர் போய்விட்டார்கள். இப்போது நகை விலை என்ன, வாங்கிய நகை உடைந்து வந்திருக்கிறது என்று எல்லோரும் என்னையே கூப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? அவளோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தீபாவளிக்கு, வாங்குகிறவர்களுக்கு மட்டும் குலுக்கல் என்று மறுபடி செய்யலாமா? அல்லது வெளியாள் யாரோடாவது சேர்ந்துவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: கைபேசி எண் என்பது பத்தே எண்கள். உங்கள் போஸ்டரை நான் பார்க்கவில்லை, ஆனால் அதில் ஒரு குத்துவிளக்கு இருந்திருக்கும், ஓரத்தில் மல்லிகைச் சரம் இருந்திருக்கும், நடுவில் ‘மெகா’ என்று தங்க எழுத்து இருந்திருக்கும். இவ்வளவுக்கும் இடம் இருந்தது, ஓரகத்தியின் பத்து எண்ணுக்குத்தான் இல்லாமல் போயிற்றா? இடம் பத்தாதபோது யாருடைய நம்பரை எடுப்பது என்று ஒரு கேள்வி வந்திருக்கும் இல்லையா? அதற்கு ஒரு நிமிடத்தில் விடை சொன்னது யார்? அவள் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள். காரணத்தை நீங்களே போஸ்டரில் அச்சடித்திருக்கிறீர்கள்.

இதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவளைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆள் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், மூத்த மருமகள் வேறு. நம் பெயர் முன்னால் நிற்பது இயல்பு என்று தோன்றியிருக்கும். வீட்டில் மூத்தவளுக்கு முதல் இலை போடுவார்கள், சரி. அதற்காக இளையவளுக்கு இலையே போடாமல் விடுவார்களா?

வாங்குகிறவர்கள் பக்கமிருந்து பாருங்கள். ஒரே படத்தில் புடவை, நகை, கீழே ஒரே ஒரு நம்பர். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? இது ஒரே கடை, புடவையும் நகையும் சேர்த்து விற்கிறார்கள் என்றுதான். அவர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, நீங்கள் சொன்னதை அப்படியே புரிந்துகொண்டார். அப்புறம் தோடு உடைந்து வந்தால் அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார். “என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்” என்று அவரிடமும் சொல்லியிருந்தால், அன்றைக்கே இரண்டு வியாபாரத்துக்கும் ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார். அந்த நகைகள் எப்படிப் போயின என்று நீங்கள் எழுதவில்லை. புடவை அனுப்பும் பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே செருகி அனுப்பியிருந்தால் உடையாமல் என்ன செய்யும்? சுட்ட மண் அம்மா அது. அட்டைப் பெட்டி வேண்டும், சுற்றிலும் பபிள் ரேப் வேண்டும். அது நகை செய்கிறவளுக்குத் தெரியும். ஆர்டர் அவளிடம் போயிருந்தால் பெட்டியில் போயிருக்கும்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். நான் இட்லிப் பொடி அரைப்பேன், என் நாத்தனார் வடகம் போடுவாள். இரண்டையும் ஒரே பையில் போட்டு என் வீட்டு விலாச லேபிளை ஒட்டி விற்றோம். ஒருமுறை வடகத்தில் உப்பு கூடிவிட்டது. வாங்கியவர் என் வாசலுக்கு வந்து கேட்டபோது, “அது அவள் போட்டது” என்று தெரு கேட்கச் சொன்னேன். இரண்டு பொங்கலுக்கு அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. உப்பு அவள் தப்பு. லேபிள் என் தப்பு.

அடுத்த முறைக்கு வருவோம். படம் ஒன்றாக இருக்கலாம். சுங்குடி கட்டி அவள் செய்த ஜிமிக்கி போட்ட ஒரு பெண்ணின் படத்தைவிட நல்ல விளம்பரம் உங்கள் இருவருக்கும் கிடையாது. ஆனால் படத்தின் மேலேயே இரண்டு வரி இருக்க வேண்டும்: ‘புடவைக்கு’ என்று உங்கள் பக்கத்தின் பெயரும் நம்பரும், ‘நகைக்கு’ என்று அவளுடையதும், ஒரே அளவு எழுத்தில். இரண்டு பெயரையும் ஒட்டிப் புதிதாக ஒரு பெயர் வைக்கிற ஆசை வரும், வேண்டாம். மூன்றாவது கடை ஒன்று திறந்துவிட்டதாக நினைத்து அதைத் தேடுவார்கள்.

இன்ஸ்டாகிராமில் கொலாப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் பதிவைப் போட்டு மற்றவரை அழைக்க, அவர் ஏற்றுக்கொண்டால் அதே பதிவு இருவர் பக்கத்திலும் வரும், லைக்கும் கமெண்டும் பொதுவாகச் சேரும். இந்த முறை அவள் போடட்டும், நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கமெண்டில் நகை பற்றிக் கேட்டால், பதில் தெரிந்தாலும் நீங்கள் விலை சொல்லக் கூடாது. அவள் பக்கத்தின் பெயரைக் குறிப்பிட்டு, “இவர் சொல்வார்” என்று விட்டுவிட வேண்டும். குழப்பம் தீர்ந்ததா என்று அறிய ஒரு வாரத்துக்கு உங்கள் இன்பாக்ஸை எண்ணிப் பாருங்கள். பத்துக் கேள்வியில் ஒன்றிரண்டு நகை பற்றி இருந்தால் பரவாயில்லை. நாலைந்து என்றால் படத்தை மாற்றுங்கள்.

பாதிப் பேர் போய்விட்டதற்கு வருத்தப்படாதீர்கள். அவர்கள் உங்களுக்காக வரவில்லை, புடவைக்காக வந்தார்கள். இலவசப் புடவை யாருக்குத்தான் வேண்டாம்? சுங்குடியைக் கண்ணால் பார்க்காதவருக்கும் வேண்டும். மூன்று பேரை டேக் செய் என்றால், போட்டி தேடியே அலைகிறவர்கள் தங்களைப் போன்ற மூன்று பேரைக் கூட்டி வருவார்கள். நீங்கள் இருவரும் விற்கிற பொருள் இரண்டிலும் ஆசை உள்ளவருக்கு மட்டும் இனிக்கிற பரிசாக வையுங்கள். உதாரணமாக, ‘உங்களிடம் இருக்கும் ஒரு பருத்திப் புடவையின் நிறத்தையும் அதை எந்த விசேஷத்துக்குக் கட்டுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிடித்த ஒரு பதிலுக்கு அந்த நிறத்துக்கே பொருந்த ஒரு நகை செட் செய்து தருவோம்’ என்று கேட்கலாம். 900 பேர் வர மாட்டார்கள், 90 பேர் வந்தால் அதிகம். ஆனால் அந்தத் தொண்ணூறு பேரும் என்ன நிறம் கட்டுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் எந்த நிறத்தில் சரக்கு எடுப்பது என்று அதிலிருந்தே தெரியும். யாருக்குக் கொடுத்தீர்கள், எந்தப் பதிலுக்கு என்று இரண்டு பக்கத்திலும் போடுங்கள். இந்தப் போட்டிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சம்பந்தமில்லை, இதை அவர்கள் நடத்தவில்லை என்ற வரியும் பதிவில் இருக்க வேண்டும், அது அவர்கள் விதி.

தீபாவளிக் குலுக்கலைக் கைவிட்டுவிடுங்கள். பெரிய கம்பெனிகளின் பரிசுத் திட்ட விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் ‘தமிழ்நாட்டில் செல்லாது’ என்று இருப்பதைப் பார்த்ததில்லையா? 1979-இல் வந்த தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்தான் அதற்குக் காரணம். பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கிப் போட்டு, அல்லது வேறு எந்த வழியிலாவது பொறுக்கியெடுத்து, அவர்களுக்கு மட்டும் பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. கோடிக்கணக்கில் விற்கிறவர்களே ஒதுங்கிப் போகிற இடத்தில் நீங்கள் இறங்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக, வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கொடுங்கள், குலுக்கலே வேண்டாம். நீங்கள் மாதம் 60 பார்சல் அனுப்புகிறீர்கள், அவள் 25 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 60 பார்சலிலும் அவளுடைய சிறு அட்டை போகட்டும்: ‘450 ரூபாய் செட்டுக்கு 75 ரூபாய் தள்ளுபடி, கார்த்திகை தீபம் வரை’. அவளுடைய 25 பார்சலிலும் உங்கள் அட்டை. நீங்கள் அனுப்பும் அட்டையின் பின்னால் பேனாவால் ‘சு’ என்றும், அவள் அனுப்புவதில் ‘ம’ என்றும் எழுதிவிடுங்கள். ஆர்டர் தருகிறவர் அந்த எழுத்தைச் சொன்னால்தான் தள்ளுபடி. யார் யாருக்கு ஆள் அனுப்பினார்கள் என்பது தீபத்தன்று கையில் இருக்கும். 75 ரூபாயை யார் தாங்குவது என்பதில்தான் சண்டை வரும். விற்பனை யாருக்கு நடக்கிறதோ அவர்தான் தாங்க வேண்டும், அனுப்பியவர் அல்ல.

வாடிக்கையாளர் நம்பர்களை மொத்தமாக மாற்றிக்கொள்ளும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். உங்களை நம்பித் தந்த நம்பர் அது, இன்னொருவருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. பயனும் இல்லை. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் போட்டால், உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பரிசின் கூரியர் காசு யாருடையது, உடைந்தால் மாற்றித் தருவது யார், கமெண்டுக்குப் பதில் யார், என்றைக்கு முடிகிறது. அரைப் பக்கம் போதும். சொந்தத்துக்குள் எதற்கு எழுத்து என்பார் உங்கள் மாமியார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்கள் சொந்தக்காரர்களை வைத்துத்தான் சொன்னார்கள். வெளியாளிடம் கணக்கைத் தப்பாக வைத்தால் ஒரு வியாபாரம் போகும். இங்கே அதோடு நல்லது கெட்டதும் போகும், உங்கள் பிள்ளைகளுக்குச் சித்தி வீடும் போகும்.

வெளியாளோடு சேர்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம், பிளவுஸ் தைப்பவர், ஆரி வேலை செய்பவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் இதை முடிக்காமல் போனால் அவருடைய நம்பருக்கும் போஸ்டரில் இடம் இருக்காது.

மூத்தவர் நீங்கள், அதனால் முதலில் போக வேண்டியவரும் நீங்கள்தான். இந்த வாரம் உங்கள் போனை எடுத்து, நகை கேட்டு வந்தவர்களையும் உடைந்தது என்று சொன்னவர்களையும் ஒவ்வொருவராக எழுதுங்கள். ஒவ்வொருவரிடமும், நகை செய்பவரின் நம்பர் இது, அவரே உங்களோடு பேசட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரி என்றவர்களின் பட்டியலோடு அவள் வீட்டுக்குப் போங்கள். போஸ்டரில் செய்தது தப்பு என்று சொல்லுங்கள், ‘இடம் பத்தவில்லை’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது. உடைந்த செட்டுகளுக்கு அவள் புதிது செய்து கொடுத்தால், மண்ணுக்கும் வேலைக்கும் என்ன ஆகிறது என்று கேட்டு எண்ணி வைத்துவிட்டு வாருங்கள். கூரியர் செலவும் உங்களுடையது.