டீசல் காரில் பெட்ரோல்: ஃபுல் இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

பதில் சொல்பவர்: இன்ஷூரன்ஸ் கிளெய்முக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்

செல்வம், திருப்பூர்: சார், பங்கில் என் டீசல் காருக்கு 30 லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். பில்லைப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். நாலு கிலோமீட்டரில் இழுவை குறைந்து, நடுரோட்டில் நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் 2 லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கிடைக்குமா?

கிடைப்பது கஷ்டம், செல்வம். உங்கள் பாலிசியை எடுத்து, சொந்த வண்டிச் சேதம் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். தீ, திருட்டு, வெள்ளம், கலவரம் என்று வரிசையாக வரும். நடுவில் ‘வெளிக்காரணத்தால் நேர்ந்த விபத்து’ என்று ஒன்று இருக்கும். அதற்குக் கீழேயே எதற்கெல்லாம் பணம் கிடையாது என்றும் இருக்கும்: மெக்கானிக்கல் பழுது, எலக்ட்ரிக்கல் பழுது, தேய்மானம், ஒரு சேதத்தின் பின்விளைவாக வரும் நஷ்டம். மறுப்புக் கடிதத்தில் கம்பெனி எழுதப்போவது இதில் முதலாவதும் கடைசியும்தான்.

அவர்கள் வாதம் இப்படிப் போகும். பெட்ரோல் டேங்கில் விழுந்தபோது வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓட்டியதால்தான் கெட்டது. இதில் உண்மையும் இருக்கிறது. இன்றைய டீசல் இன்ஜினில் ஹை பிரஷர் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, அதன் வழியாகப் போகும் டீசலே மசகு. பம்ப் கொடுக்கும் அழுத்தம் 1,600 பாருக்கு மேல் போகும். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டரை பார்கூட இல்லை. அந்த அழுத்தத்தில் டீசலின் வழவழப்பு போய்ப் பெட்ரோல் வந்தால், உலோகம் உலோகத்தோடு உரசித் துகள் உதிரும். துகள், எரிபொருளைப் பிரித்துக் கொடுக்கும் ‘ரெயில்’ என்ற குழாய்க்குப் போய், அங்கிருந்து இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டருக்கும் போய், ரிட்டர்ன் லைன் வழியாகத் திரும்ப டேங்குக்கே வரும். எஸ்டிமேட் 2 லட்சம் தாண்டியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வேறொருவர் கையால், உங்களுக்குத் தெரியாமல், வெளியிலிருந்து உள்ளே போனது அது. அது விபத்து இல்லாமல் வேறென்ன என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. இரண்டு விதமாகவும் முடிவு வரலாம் என்பதால் கிளெய்ம் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ராஜேஷ், சென்னை: இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே? அது இன்ஜினுக்கு வரும் எல்லாவற்றையும் கவர் செய்யும்.

பாதிதான் சரி, தம்பி. பாலிசியோடு கூடுதல் பணம் கட்டி எடுக்கும் அந்த ஆட்-ஆன் முக்கியமாக இரண்டுக்காக வந்தது: இன்ஜினுக்குள் தண்ணீர் புகுவது, அடியில் கல் அடித்து ஆயில் ஒழுகி இன்ஜின் இறுகி நின்றுபோவது. தவறான எரிபொருளைச் சேர்ப்பதும் சேர்க்காததும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெயரை நம்பாமல் வாசகத்தைப் படியுங்கள். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆனில் ‘தவறான எரிபொருள்’ என்று எழுதியிருந்தாலும், பெரும்பாலும் வண்டியை இழுத்துப் போவதற்கும் டேங்கைக் காலி செய்வதற்கும்தான். பம்ப், இன்ஜெக்டர் அதில் வராது.

அனிதா, மதுரை: எனக்கும் இதே கதை, ஆனால் 10 லிட்டர் விழுந்ததும் பார்த்துவிட்டேன். சாவியே போடவில்லை. ‘மீதிக்கு டீசல் ஊற்றி ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது’ என்கிறார் பங்க் ஊழியர். ஓட்டலாமா மேடம்?

(மேடம் இல்லை, சார்!) ஓட்டாதீர்கள் அம்மா. பழைய இன்ஜின்களில் அப்படிச் சமாளித்தவர்கள் உண்டு, அந்த ஞாபகத்தில் சொல்கிறார். இப்போதைய காரில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை ஆன் செய்தாலே, டேங்குக்குள் இருக்கும் சின்ன பம்ப் சில வினாடி ஓடிப் பெட்ரோலை லைனுக்கு ஏற்றிவிடலாம். அதனால் சாவியைத் தொடாமல், நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கைக் காலி செய்யுங்கள். சில ஆயிரத்தில் முடியும். இதற்கு இன்ஷூரன்ஸ் கேட்காதீர்கள். கிளெய்மில் உங்கள் பங்காகப் பிடித்துக்கொள்ளும் கட்டாயக் கழிவே 1,000 அல்லது 2,000 ரூபாய் போகும், அதற்கு மேல், கிளெய்ம் போடாததற்காக அடுத்த வருடப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

மெக்கானிக் பாஷா, சேலம்: சார் சொன்னது சரி, ஆனால் ஒன்று. நாலு கிலோமீட்டர் ஓடினாலே பம்ப் போச்சு என்று கிடையாது. டேங்கில் டீசல் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதைப் பொறுத்தது. எடுத்த எடுப்பில் மொத்த செட்டையும் மாற்றச் சொல்வது அதிகம்.

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், பாய். முதலில் ஃபில்டரைப் பிரிக்க வேண்டும். அடியில் இருப்பதை வெள்ளைத் துணியில் கொட்டி வெயிலில் காட்டினால், துகள் இருந்தால் ஜிகினா மாதிரி மின்னும். அப்படி மின்னினால் பம்பை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை, மிச்சத் துகள் புதுப் பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுத்துவிடும். மின்னவில்லை என்றால் டேங்க், லைன் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. கம்பெனி ஒர்க்‌ஷாப்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு ஏதாவது ஆனால் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்று பயப்படுகிறார்கள், அதையும் தப்பென்று சொல்ல முடியவில்லை.

மீனா, தஞ்சாவூர்: என் ஸ்கூட்டரில் போட்ட பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. இதுவும் கிளெய்ம் வருமா?

இது வேறு கதை அம்மா, தவறான எரிபொருள் இல்லை, கெட்ட எரிபொருள். பாலிசி இதற்கும் பெரும்பாலும் கைவிரிக்கும். டேங்கிலிருந்து எடுத்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிவைத்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்பது தெரியும். அதோடு பங்குக்கே போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள்.

குமரேசன், ஈரோடு: தப்பு பங்க்காரன் மேல். அப்புறம் எதற்கு இன்ஷூரன்ஸ் பின்னால் ஓட வேண்டும்?

என் மனதிலும் அதுதான். உங்களுக்குப் பணம் வர வாய்ப்பு அதிகமுள்ள இடம் பங்க்தான். பில்லில் எந்த எரிபொருள் என்று அச்சாகியிருக்கும். ஆனால் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது பில்லில் இருக்காது. ‘அவர்தான் பெட்ரோல் என்றார்’ என்று ஊழியர் சொல்லிவிட்டால் வாய்ச்சண்டைதான் மிஞ்சும். டேங்க் மூடியில் ‘டீசல்’ ஸ்டிக்கர் இருந்ததா, கேமராவில் அது தெரிகிறதா என்பதெல்லாம் அப்போது கணக்கில் வரும். கேமரா பதிவு சில நாளில் அழிந்துபோகலாம், எனவே முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். ஒரு நகல் எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அதிகாரிக்கும் போகட்டும். நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தால் அதற்கென்றே இருக்கும் குறைதீர்ப்பு அதிகாரியான இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் தனி வழி. மறுப்பு வந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும், கட்டணம் கிடையாது.

செல்வம், திருப்பூர்: சார், சர்வேயர் நாளை மறுநாள் வருவாராம். அதற்குள் பம்பைக் கழற்றட்டுமா என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்கிறார்கள். நின்ற பிறகு மூன்று முறை ஸ்டார்ட் செய்தும் பார்த்தேன், அதைச் சொல்லணுமா?

கழற்ற விடாதீர்கள். ஃபில்டரைச் சர்வேயர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். டேங்கிலிருந்து எடுப்பதை இரண்டு பாட்டிலில் நிரப்பி சீல் வைத்து, ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்ததை மறைக்காதீர்கள். பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டினால் கூடுதல் சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது, சர்வேயர் அதைக் கேட்பார். என்ன கோளாறு என்று தெரியாமல்தான் முயன்றீர்கள், அதை அப்படியே எழுதிக் கொடுங்கள். பங்கில் எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எத்தனை மணிக்கு நின்றது என்ற இரண்டு நேரமும் அந்தக் கடிதத்தில் வரட்டும்.