“நான் வருகிறேன் என்று சொன்னார்” என்றே செய்தி அனுப்பலாமா, “வருவதாகச் சொன்னார்” என்று மாற்ற வேண்டுமா? காலம், நான், நீ எல்லாம் எப்படி மாறும்?

ஒருவர் போனில் சொன்னதை இன்னொருவருக்கு இரண்டு வரியில் தட்டிவிட வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மாற்றியே அனுப்புங்கள். நேரில் பேசும்போது “நான் வர்றேன்னு சொன்னார்” என்பதில் குழப்பம் வராது. அந்த ‘நான் வர்றேன்’ வரும்போது நம் குரலே அவர் குரல் மாதிரி கொஞ்சம் மாறும். எழுத்தில் அந்த வேலையை மேற்கோள் குறி செய்ய வேண்டும். செய்தியில் மேற்கோள் குறி போடுகிறவர் யார்?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா ஒரு ராத்திரி தம்பியைக் கூப்பிட்டு, “நாளைக்குக் காலையில நான் பழைய வீட்டுக்கு வர்றேன், உங்க அண்ணனைச் சாவியோட நிக்கச் சொல்லு” என்றிருக்கிறார். அவன் வேலையெல்லாம் முடித்து, நள்ளிரவு தாண்டி எனக்கு அனுப்பியது இது: “சித்தப்பா நாளைக்கு காலைல நான் பழைய வீட்டுக்கு வர்றேன்னு சொன்னார் சாவியோட நிக்க சொன்னார்.”

விடிந்ததும் படித்தேன். அந்த வீட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று தம்பியிடம். அவனும் அந்த வாரம் வருவதாகத்தான் இருந்தது. ஆகவே ‘நான்’ என்பது எழுதிய தம்பி, ‘நாளைக்கு’ என்பது செய்தி வந்த தேதிக்கு அடுத்த நாள், சாவியோடு நிற்க வேண்டியவனும் அவன், எனக்குச் சும்மா தகவல் என்று எடுத்துக்கொண்டேன். நான் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சித்தப்பா பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். “இவ்வளவு படிச்சவனுக்கு ஒரு மெசேஜ் படிக்கத் தெரியலையா” என்று இன்றுவரை பேச்சு வாங்குவது நான். எழுதியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சூழலை வைத்துப் புரிந்துகொண்டிருக்கலாமே” என்று சிலர் பின்னூட்டம் போடுவீர்கள். சூழலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அதில்தான் தப்பாகிப் போனது.

அவன் எழுதியிருக்க வேண்டியது: “சித்தப்பா இன்னைக்கு (12ஆம் தேதி) காலையில் பழைய வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். உன்னைச் சாவியோடு அங்கே நிற்கச் சொன்னார்.”

இதில் ‘நான்’ போய்விட்டது. பள்ளியில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது ‘நான்’ என்பது ‘தான்’ ஆகும், ‘நீ’ என்பது ‘அவன்’ ஆகும், ‘இன்று’ ‘அன்று’ ஆகும், ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகும் என்று ஒரு பட்டியல் எழுதிப் போட்டார்கள். தப்பில்லை. ஆனால் அது என்றோ, யாரோ, யாரிடமோ பேசியதைக் கதையாகச் சொல்வதற்கான பட்டியல். செய்தியில் படிக்கிறவரே அந்தப் பேச்சில் ஓர் ஆள். அதனால் சித்தப்பா சொன்ன ‘உங்க அண்ணன்’ என் கைக்கு வரும்போது ‘நீ’ ஆக வேண்டும். அங்கே படர்க்கையாக இருந்தது இங்கே முன்னிலை ஆகிறது. பட்டியலுக்கு நேர் தலைகீழ். ‘நாளைக்கு’ என்பதும் அப்படித்தான். அன்றைக்கே அனுப்பினால் ‘நாளைக்கு’ அப்படியே இருக்கலாம். நள்ளிரவு தாண்டிவிட்டால் ‘இன்னைக்கு’. எப்போது படிப்பார் என்று தெரியாவிட்டால் தேதி. சொன்னவர் எந்த நாளில் இருந்து சொன்னார் என்பது படிக்கிறவருக்கு வேண்டாத கணக்கு.

அந்தத் ‘தான்’ பற்றி ஒரு எச்சரிக்கை. “சித்தப்பா தான் வருவதாகச் சொன்னார்” என்றால் வருகிறவர் சித்தப்பாவே. ‘தான்’ சொன்னவரைக் குறிக்கிறது. “சித்தப்பாதான் வருவதாகச் சொன்னார்” என்று சேர்த்து எழுதினால் வேறு யாரும் இல்லை, சித்தப்பாதான் என்று அழுத்தம் வந்துவிடுகிறது. அப்போது அப்படிச் சொன்னவர் வேறு ஒருவராகக்கூட இருக்கலாம். இடைவெளி விடுவதில் நாம் எவ்வளவு கவனம் என்பது தெரிந்த கதை. செய்தியில் ‘தான்’ வேண்டாம், பெயரைப் போட்டுவிடுங்கள். இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கட்டுரையில் நானும் ‘தான்’ போடுகிறவன்தான்.

காலத்துக்கு வருகிறேன். ‘சொன்னார்’ இறந்தகாலம் என்பதற்காக உள்ளே இருக்கும் வினையையும் இறந்தகாலத்துக்குத் தள்ள வேண்டியதில்லை. அது ஆங்கிலப் பாடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். “வந்துகொண்டிருக்கிறேன்” என்று ஒருவர் சொன்னதை என்னோடு வேலை செய்பவர் ஒருவர் “வந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்” என்று அனுப்புவார். அதைப் படித்தால் முன்பு எப்போதோ வந்துகொண்டிருந்தார், அப்புறம் ஏதோ நடந்துவிட்டது போலத் தெரியும். தமிழில் சொன்ன நேரத்தை வைத்தே உள்வினையின் காலம். அப்போது வழியில் இருந்தால் “வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்”. அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தால் “வந்துவிட்டதாகச் சொன்னார்”. இனிமேல்தான் என்றால் “வருவதாகச் சொன்னார்”.

இந்தக் கடைசி வடிவத்தில் ஒரு ஓட்டை உண்டு. ‘கிளம்புகிறேன்’, ‘கிளம்புவேன்’ இரண்டுமே “கிளம்புவதாகச் சொன்னார்” என்றுதான் ஆகும். இதோ கிளம்புகிறாரா, சாயங்காலமா? வடிவம் சொல்லாது. பக்கத்தில் ‘இப்போதே’ என்றோ ‘ஐந்து மணிக்கு’ என்றோ போட்டால்தான் உண்டு.

சுருக்கமாக “வருகிறாராம்” என்றும் எழுதலாம். ஆறு எழுத்தில் எல்லாம் முடிந்துவிடும்: வருகிறவர் படர்க்கை, காலமும் இருக்கிறது, நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையது இல்லை என்பதும் இருக்கிறது. ஆனால் எழுத்தில் ‘ஆம்’ கொஞ்சம் கிண்டலாகவும் ஒலிக்கும். “மேனேஜர் வருகிறாராம்” என்று மேனேஜர் இருக்கும் குழுவில் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் சரி.

அப்புறம், கட்டளையைக் கடத்தும்போது ஆளை விடாதீர்கள். “நிற்கச் சொன்னார்” என்பதில் யார் நிற்பது என்று ஒரு விகுதியும் காட்டாது. ‘வருகிறேன்’ என்றால் ‘ஏன்’ விகுதி ஆளைக் காட்டிக்கொடுக்கும், ‘நிற்க’ என்பதில் அது இல்லை. ‘உன்னை’ என்ற ஒரே சொல் இருந்திருந்தால், மற்ற எல்லாக் குழப்பத்தையும் மீறி நான் சாவியோடு போய் நின்றிருப்பேன், ஒரு நாள் தள்ளியாவது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தி வந்தது குடும்பக் குழுவில். அதன் மேல் ஏழெட்டு பூங்கொத்து, இரண்டு காலை வணக்கம், யாரோ அனுப்பிய மூலிகை மருத்துவம். எனக்கு மட்டும் வேண்டிய தகவலை எனக்கு மட்டும் அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? இதைக் குழுவிலேயே கேட்டேன். பதிலுக்கு வந்தது கைகூப்பும் படம் ஒன்று.