டெண்டரில் ‘நல்ல தரமான கையுறை’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் நுகர்பொருள் கொள்முதலைக் கவனிக்கிறேன். சென்ற முறை டெண்டர் அறிவிப்பில் ‘நல்ல தரமான நைட்ரைல் பரிசோதனைக் கையுறை’ என்று குறிப்பிட்டு, விலை குறைவாகக் கேட்டவருக்கு ஆணை கொடுத்தோம். மாட்டும்போதே கிழிகிறது, செவிலியர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அணிகிறார்கள். விற்றவரோ, ‘கேட்டதைத்தான் கொடுத்தேன்’ என்கிறார். இந்த முறை எப்படி எழுதுவது?

பதில்: விற்றவர் சொல்வதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இல்லை. ‘நல்ல தரம்’ என்பதை எந்த ஆய்வகத்திலும் அளக்க முடியாது. அளக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

கையுறைக்கு முக்கியமானவை இரண்டு: ஓட்டை இருக்கிறதா, எவ்வளவு இழுத்தால் கிழியும். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 455 இரண்டையும் சொல்கிறது. ஓட்டையைக் கண்டறிய, கையுறையில் 1,000 மில்லிலிட்டர் நீர் ஊற்றித் தொங்கவிட்டு 2 நிமிடம் கசிவு பார்க்கிறார்கள். ஏற்கத்தக்க தர வரம்பு 1.5. அதாவது, ஒரு பெரிய தொகுதியிலிருந்து 200 கையுறை எடுத்துச் சோதித்தால் 7 வரை கசியலாம். எட்டாவதும் கசிந்தால் தொகுதியே நிராகரிக்கப்படும். உங்கள் சிக்கலுக்கு நேரடியாகப் பொருந்துவது இரண்டாவது: நைட்ரைல் பரிசோதனைக் கையுறை அறுபடும் விசை 6 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. அதுவும் தயாரித்த அன்று மட்டுமல்ல, காலாவதி நாள் வரை. ‘காலாவதி வரை’ என்பதை அறிவிப்பில் தவறாமல் சேருங்கள்.

பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் டி6319 நைட்ரைல் பரிசோதனைக் கையுறைக்கு 2.5 என்ற தளர்வான ஓட்டை வரம்பை ஏற்கிறது. அதே 200 கையுறையில் 10 கசிந்தாலும் தேறிவிடும். ‘இரண்டில் ஏதேனும் ஒரு தரநிலை’ என்று எழுதினால், குறைந்த விலைக்காரர் தளர்வானதையே பிடித்துக்கொள்வார். ஒரே தரநிலையைக் குறிப்பிடுங்கள். வேறொன்றைக் காட்டுபவர், அதே எண்களை எட்டியதற்குச் சான்று தர வேண்டும் என்று எழுதினால் போட்டியும் குறுகாது. நிறுவனப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது சான்று. ஐஎஸ்ஓ 13485 சான்றிதழைப் பார்த்ததும் திருப்தி அடைபவர்கள் நிறைய. அது தொழிற்சாலையின் தர மேலாண்மை முறைக்கான சான்று. உங்களுக்கு வரும் கையுறை 6 நியூட்டன் தாங்கும் என்று அது சொல்வதில்லை. ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கையைத் தனியாகக் கேளுங்கள். அறிக்கையிலுள்ள தயாரிப்பாளர் பெயரும் பொருள் குறியீடும் பெட்டியின் லேபிளோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட வேண்டும். வேறு மாதிரிக் கையுறையின் அறிக்கையை இணைத்தால் இங்கேதான் தெரியவரும்.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை, தரத்துக்கும் விலைக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது கையுறைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. மலிவு விலையின் மதிப்பெண் ஓட்டையை மறைத்துவிடும். முதலில் தொழில்நுட்பத் தகுதி: தேறினார், தேறவில்லை, அவ்வளவுதான். தேறியவர்களின் மாதிரிகளைப் பெயர் தெரியாத பெட்டிகளில் மாற்றி, குறியெழுத்து இட்டு, செவிலியர்களிடம் கொடுங்கள். மாட்டும்போது கிழிந்தவற்றை எண்ணி, பயன்பட்ட கையுறைக்கான விலையைக் கணக்கிடுங்கள்.

உதாரணமாக, ‘அ’வின் 100 கையுறைப் பெட்டி 100 அலகு, ‘ஆ’வினுடையது 108 அலகு என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் 200 மாட்டிப் பார்த்ததில் ‘அ’வில் 24, ‘ஆ’வில் 4 கிழிந்தன. பயன்படும் 100 கையுறைக்கு ‘அ’ ஏறக்குறைய 113.6 அலகு, ‘ஆ’ 110.2 அலகு. பெட்டி விலையில் முந்திய ‘அ’ இங்கே தோற்கிறது. செவிலியர்கள் இரண்டு அணிந்தால் அந்தச் செலவு இதற்கும் மேல். இந்தச் சோதனை முறை, எண்ணிக்கை, சூத்திரம் எல்லாம் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். விலைப்புள்ளிகளைத் திறந்தபின் சேர்த்தால், தோற்றவர் ஆட்சேபித்து டெண்டரையே நிறுத்திவிட முடியும்.

மாதிரி ஒன்றும் சரக்கு வேறொன்றுமாக வருவதும் நடக்கிறது. வென்றவரின் ஒரு பெட்டியை இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் நீங்களே மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் உரிமை, தேறாத தொகுதியை விற்றவர் தன் செலவில் மாற்றித்தர வேண்டிய கெடு, வந்து சேரும்போது மீதமிருக்க வேண்டிய ஆயுள் (மொத்தத்தில் நான்கில் மூன்று பங்கு கேட்கலாம்) ஆகியவற்றை எழுதிவிடுங்கள். பெட்டியில் 100 இருக்கிறதா என்று சிலவற்றைத் திறந்து எண்ணவும் சொல்லுங்கள். குறைவாக வந்தால் மேலே போட்ட கணக்கே தவறிவிடும்.