ஆலய வாசலில் எரேமியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஏற்பாட்டைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். தீர்க்கதரிசிகள் பலிகளையும் பண்டிகைகளையும் கண்டிக்கும் இடங்களைப் பார்த்தால், அவர்கள் ஆலய வழிபாட்டையே வேண்டாம் என்றவர்களாகத் தோன்றுகிறது. அப்படித்தான் கொள்ள வேண்டுமா? அரசனையும் ஆலயத்தையும் முகத்துக்கு நேரே பழித்தவர்களை அந்த அரசர்கள் ஏன் உயிரோடு விட்டுவைத்தார்கள்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

தீர்க்கதரிசிகள் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதைவிட, உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். எரேமியா எருசலேம் ஆலயத்தின் வாசலில் நின்று ஆற்றிய உரை அது. உரையின் உள்ளடக்கம் எரேமியா 7ஆம் அதிகாரத்திலும், அதைத் தொடர்ந்த விசாரணை 26ஆம் அதிகாரத்திலும் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். நம் கையில் இருப்பது பின்னால் வந்தவர்கள் தொகுத்துச் செம்மைப்படுத்திய வடிவம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கி.மு. 609இல் யூதா நாட்டின் அரசன் யோசியா மெகிதோவில் எகிப்திய மன்னன் நேகோவால் கொல்லப்பட்டான். மக்கள் அரியணையில் அமர்த்திய மகனை மூன்றே மாதங்களில் நேகோ அகற்றிவிட்டு, அவனுடைய அண்ணன் யோயாக்கீமை அரசனாக்கினான். நேகோ கேட்ட நூறு தாலந்து வெள்ளியையும் ஒரு தாலந்து பொன்னையும் யோயாக்கீம் மக்களிடம் வரியாகத் தண்டினான். அதே அரசன் கேதுருப் பலகை பாவி, சிவப்புச் சாயம் தீட்டிய மாளிகையைக் கூலி கொடுக்காமல் கட்டிக்கொண்டான் என்று எரேமியா 22ஆம் அதிகாரத்தில் குற்றம்சாட்டுகிறார். ஆலய உரை இந்த ஆட்சியின் தொடக்கத்தில் நிகழ்ந்தது.

அந்த ஆலயம் அரண்மனையை ஒட்டியிருந்தது. விசாரணை நாளில் பிரபுக்கள் அரச மாளிகையிலிருந்து ஏறிவந்து ஆலயத்தின் புதிய வாசலில் உட்கார்ந்தார்கள் என்று 26ஆம் அதிகாரம் சொல்வதிலிருந்தே அந்த நெருக்கம் புரியும். சாலொமோன் ஆலயத்தையும் தன் மாளிகையையும் சேர்த்தே கட்டினான். பின்னாளில் ஆகாஸ் அரசன் தமஸ்குவில் கண்ட பலிபீடத்தின் மாதிரியை அனுப்ப, குருவானவர் மறுப்பின்றி அதேபோல் ஒன்றைக் கட்டி வைத்தார். வடக்கே இஸ்ரயேல் அரசின் பெத்தேலிலும் இதே நிலைமைதான். அங்கிருந்த அமத்சியா என்னும் குரு, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்று சொல்லியே ஆமோஸ் தீர்க்கதரிசியை விரட்டினார்.

இத்தகைய இடத்தின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வழிபட நுழைகிறவர்களிடம் எரேமியா பேசினார். திருடி, கொலை செய்து, பொய்யாணை இட்டு, அந்நியத் தெய்வமான பாகாலுக்குத் தூபம் காட்டிவிட்டு இங்கே வந்து நின்று, தப்பித்துவிட்டோம் என்கிறீர்களே, இந்த ஆலயம் உங்களுக்குக் கள்ளர் குகையா என்று கேட்டார். குகை என்பது கொள்ளை நடக்கும் இடம் அல்ல. வெளியே கொள்ளையடித்தவர்கள் வந்து பத்திரமாகப் பதுங்கும் இடம். ஆகவே அவருடைய குற்றச்சாட்டு ஆலயத்துக்குள் நடந்த முறைகேட்டைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. பிழையின்றி நடக்கும் வழிபாடே அநீதி செய்தவர்களுக்கு அடைக்கலம் கொடுக்கிறது என்பதுதான் அவர் சொன்னது.

ஆலயம் தங்களைக் காக்கும் என்ற மக்களின் நம்பிக்கைக்கு வலுவான ஆதாரமும் இருந்தது. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் அரண்சூழ்ந்த நகரங்களைப் பிடித்தபோதும் எருசலேம் விழவில்லை. அது விழாது என்று எசேக்கியா அரசனுக்கு உறுதி சொன்னவர் ஏசாயா. ஆகவே, கர்த்தரின் ஆலயம் இங்கே இருக்கும்வரை நகரத்துக்கு ஒன்றும் நேராது என்று முழங்கியவர்கள், ஒரு பெரிய தீர்க்கதரிசியின் வாக்கையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். எரேமியாவின் நிலைமை எவ்வளவு கடினமானது என்பது இதை உணர்ந்தால்தான் விளங்கும்.

அவர் அதற்கு ஓர் ஊரின் பெயரைப் பதிலாகச் சொன்னார். சீலோவுக்குப் போய், நான் அதற்குச் செய்ததைப் பாருங்கள் என்று கர்த்தர் சொல்வதாக அறிவித்தார். எருசலேமுக்கு வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சீலோவில்தான் ஏலி என்னும் குருவின் காலத்தில், கடவுளின் சந்நிதியைக் குறித்த உடன்படிக்கைப் பெட்டி இருந்தது. அந்த ஊர் கி.மு. 11ஆம் நூற்றாண்டில் தீக்கிரையானதை அகழாய்வும் காட்டியிருக்கிறது. இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏலியின் வழிவந்த அபியத்தாரைச் சாலொமோன் குருத்துவத்திலிருந்து நீக்கி ஆனதோத் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டான். எரேமியா அதே ஆனதோத்தின் குருக்கள் குடும்பத்தில் பிறந்தவர். அவர் அபியத்தாரின் நேர் வாரிசு என்று மூலத்தில் இல்லை. ஆனாலும் அரசனால் ஒதுக்கப்பட்ட குருமரபின் நினைவு அந்த ஊரில் இருந்திருக்கும் என்பதை ஒதுக்கிவிட முடியவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அதே உரையில், சர்வாங்க தகனபலிகளை மற்றப் பலிகளோடு சேர்த்து அவற்றின் இறைச்சியை நீங்களே தின்றுவிடுங்கள் என்கிறார். தகனபலி முழுவதும் எரிக்கப்பட வேண்டியது. அதில் மனிதருக்குப் பங்கில்லை. கடவுளின் பங்கையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்கு அது தேவையில்லை என்பது பொருள். எகிப்திலிருந்து முன்னோரை அழைத்துவந்த நாளில் தகனபலியைக் குறித்து நான் கட்டளையிடவில்லை என்றும் கடவுள் சொல்வதாக அங்கே வருகிறது. இதைப் பலியின் முழு மறுப்பாக வாசிக்கும் அறிஞர்களும் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. வழிகளைச் சீர்ப்படுத்தி, அந்நியனையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒடுக்காதிருந்தால் உங்களை இந்த இடத்தில் குடியிருக்கப்பண்ணுவேன் என்ற வாக்குறுதியோடுதான் அந்த உரை தொடங்குகிறது. ஆலயம் நிற்கலாம், ஆனால் நீதியே அதற்கு நிபந்தனை. வழிபாட்டை நடத்துவதன்மூலம் தன் ஆட்சிக்குத் தெய்வ ஒப்புதல் தேடும் அரசனுக்கு, வழிபாட்டை ஒழிக்கச் சொல்வதைவிட இந்த நிபந்தனை கூடுதல் ஆபத்தானது.

இரண்டாவது கேள்விக்கு 26ஆம் அதிகாரம் விடை தருகிறது. எரேமியாவைப் பிடித்துச் சாகவேண்டும் என்றவர்களில் குருக்களோடு தீர்க்கதரிசிகளும் இருந்தார்கள். ஆலயத்தைச் சார்ந்து வாழ்ந்த தீர்க்கதரிசிகள் அவர்கள். தம்மைத் தற்காத்துப் பேசும்போது எரேமியா ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. கர்த்தர் என்னை அனுப்பினார், நான் உங்கள் கையில் இருக்கிறேன், ஆனால் என்னைக் கொன்றால் குற்றமில்லாத இரத்தப்பழி இந்த நகரத்தின்மேல் வரும் என்றார். பிரபுக்கள் அவர் சாவுக்குரியவர் அல்ல என்றார்கள். நாட்டு மூப்பர்கள் எழுந்து, சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன் மீகா தீர்க்கதரிசி சொன்னதையும், எசேக்கியா அவரைக் கொல்லாமல் கடவுளுக்குப் பயந்ததையும் எடுத்துக்காட்டினார்கள். நகரம் அப்போது உழப்படவில்லை. ஆயினும் மீகாவைப் பொய்யர் என்று அவர்கள் சொல்லவில்லை. அரசன் மனம் திரும்பியதால் கடவுளும் மனம் மாறினார் என்பதே அவர்களின் விளக்கம்.

ஆனால் இந்த முன்னுதாரணம் எல்லாரையும் காக்கவில்லை. அதே அதிகாரம் உரியா என்னும் தீர்க்கதரிசியையும் குறிப்பிடுகிறது. எரேமியா சொன்னதையே சொன்ன அவர் எகிப்துக்குத் தப்பியோடினார். யோயாக்கீம் ஆள் அனுப்பிப் பிடித்துவரச் செய்து, வாளால் வெட்டி, உடலைச் சாதாரண மக்களின் புதைகுழியில் போடுவித்தான். அவருக்கு இல்லாத ஒன்று எரேமியாவுக்கு இருந்தது. சாப்பானின் மகன் அகீக்காம் அவரை ஜனங்களின் கையில் சாகக் கொடுக்காமல் காத்தார் என்று அதிகாரம் முடிகிறது. ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாணச் சுருளை யோசியாவுக்கு வாசித்துக் காட்டிய அரச எழுத்தர்தான் சாப்பான். சில ஆண்டுகள் கழித்து எரேமியாவின் வாக்குகள் எழுதிய சுருளை அவருடைய எழுத்தர் பாருக் ஆலயத்தில் உரக்க வாசித்தது அதே சாப்பானின் இன்னொரு மகனுடைய அறையிலிருந்துதான். எரேமியாவின் அந்தச் சுருளைக் குளிர்காலத்தில் கனலடுப்பின் முன் உட்கார்ந்து கேட்ட யோயாக்கீம், மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் எழுத்தரின் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். எரிக்க வேண்டாம் என்று அந்த மகனும் வேறு இரு அதிகாரிகளும் கெஞ்சிப் பார்த்தார்கள். அரண்மனைக்குள்ளேயே, நியாயப்பிரமாணச் சுருளை ஒட்டி யோசியா செய்த வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் வளர்ந்த ஓர் அணி இருந்தது என்பதும், எரேமியா உயிர்பிழைத்ததற்கு அரசனின் பொறுமையைவிட அந்த அணியே பெரிய காரணம் என்பதும் என் முடிவு.