கிரிட்டிக்கல் வேல்யூவை டாக்டரிடம் சொன்னதற்கு ரிஜிஸ்டரில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: "அறுபது படுக்கை உள்ள மருத்துவமனையில் லேப் இன்சார்ஜாக இருக்கிறேன். கிரிட்டிக்கல் ரிசல்ட் வந்தால் உடனே வார்டுக்குப் போன் செய்துவிடுகிறோம். ரிஜிஸ்டரில் ‘டாக்டர் இன்ஃபார்ம்டு’ என்று எழுதிக் கையெழுத்தும் போடுகிறோம். போன மாதம் வந்த அசெசர், இதைப் பதிவாகவே எடுத்துக்கொள்ள முடியாது என்று என்.சி. கொடுத்துவிட்டார். நாங்கள் சொன்னது உண்மை. இதற்கு மேல் என்ன எழுத வேண்டும்?"

பதில்: நீங்கள் போன் செய்தீர்கள் என்பதை அசெசர் நம்பியிருப்பார். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, எந்த எண்ணைக் காதில் வாங்கினார் என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. எழுதியவருக்கே நினைவிருக்காது. ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையின் 2022 பதிப்பில் 7.4.1.3 என்ற பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. தேதி, நேரம், சொன்னவர், கேட்டவர், சொல்லப்பட்ட ரிசல்ட், அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்த விவரம், சொல்வதில் ஏற்பட்ட சிரமங்கள் என ஏழு விஷயங்களைப் பதிவில் கேட்கிறது. இதில் ஆறாவது, 2012 பதிப்பின் பட்டியலில் இல்லை. பழைய பதிப்பைப் பார்த்து அடித்த ரிஜிஸ்டரையே இன்னும் பல லேப்களில் வைத்திருக்கிறார்கள். உங்களுடையதிலும் அதற்கான கட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்து கட்டங்களை நிரப்பினால் பயனில்லை. ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம்.

இரவு ஷிப்ட். மருத்துவ வார்டில் இருக்கும் சிறுநீரக நோயாளி ஒருவரின் ரத்தம் 9.52-க்கு லேபுக்கு வருகிறது. 10.21-க்கு மெஷினில் பொட்டாசியம் 7.1 மில்லிமோல் என்று வருகிறது. உங்கள் லேபின் எல்லை 6.5 என்று வைத்துக்கொள்வோம். டெக்னீஷியன் சீரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சிவப்பு ஏறவில்லை, அதாவது ஹீமோலைசிஸ் இல்லை. அதே சாம்பிளின் கால்சியம் 8.9 இருக்கிறது. ஊதா மூடி டியூபிலிருந்து ரத்தத்தை மாற்றி ஊற்றியிருந்தால், அதிலுள்ள இ.டி.டி.ஏ. பொட்டாசியத்தைப் பொய்யாக ஏற்றிவிட்டுக் கால்சியத்தைத் தரைமட்டமாக்கியிருக்கும். அப்படியும் இல்லை. 10.26-க்கு ரிசல்ட்டை உறுதிசெய்கிறார்.

10.27-க்கு வார்டு எக்ஸ்டென்ஷனுக்குப் போன் போடுகிறார்; யாரும் எடுக்கவில்லை. 10.29-க்கு மறுபடி, மணி அடித்து ஓய்கிறது. 10.30-க்கு டியூட்டி டாக்டரின் செல்போன், பிஸி. 10.33-க்கு வார்டு போனை ஸ்டாஃப் நர்ஸ் எடுக்கிறார். நோயாளியின் பெயர், யு.எச்.ஐ.டி. எண், சோதனை, எண், அலகு என்று டெக்னீஷியன் சொல்லிவிட்டு, "சிஸ்டர், எழுதிக்கிட்டு அப்படியே படிச்சுச் சொல்லுங்க" என்கிறார். சிஸ்டர் "பொட்டாசியம் சிக்ஸ் பாயின்ட் ஒன்" என்று படிக்கிறார். இவர் திருத்துகிறார். இரண்டாம் முறை 7.1 என்று சரியாக வருகிறது. 10.35. சிஸ்டர் டாக்டரைக் கூப்பிடப் போகிறார். 10.41-க்கு டியூட்டி டாக்டரே லேபுக்குப் போன் செய்து, சாம்பிளில் ஹீமோலைசிஸ் உண்டா என்று கேட்டுக்கொண்டு, ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்கிறார்.

இதற்கான பதிவு இப்படி இருக்க வேண்டும்:

"தேதி. நோயாளி பெயர், யு.எச்.ஐ.டி., சாம்பிள் எண், வார்டு, படுக்கை. சீரம் பொட்டாசியம் 7.1 மில்லிமோல்/லிட்டர். ஹீமோலைசிஸ் இல்லை, கால்சியம் 8.9. ரிசல்ட் உறுதி 22.26. வார்டு எக்ஸ்டென்ஷன் 22.27, 22.29 பதில் இல்லை. டியூட்டி டாக்டர் செல் 22.30 பிஸி. 22.33 ஸ்டாஃப் நர்ஸ் (பெயர், பணியாளர் எண்) எடுத்தார். ரீட்-பேக்: முதலில் 6.1, திருத்தப்பட்டது, பின் 7.1 சரி, 22.35. டியூட்டி டாக்டர் (பெயர்) 22.41-க்குத் தொடர்புகொண்டார், எண் மீண்டும் உறுதி. சொன்னவர்: (பெயர், கையெழுத்து)."

எழுத இரண்டு நிமிடம் ஆகும். இப்போது இதில் தவறு நடக்கும் இடங்களுக்கு வருவோம்.

முதலில் நேரம். பெரும்பாலான ரிஜிஸ்டரில் "டைம்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. ரிசல்ட் வந்த நேரத்தை ஒருவர் எழுதுகிறார், போன் செய்த நேரத்தை இன்னொருவர் எழுதுகிறார், ரிஜிஸ்டரைத் திறந்த நேரத்தை மூன்றாமவர் எழுதுகிறார். குறைந்தது இரண்டு நேரங்கள் தனித்தனியாக வேண்டும்: ரிசல்ட் உறுதியான நேரம், ரீட்-பேக் முடிந்த நேரம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ளதுதான் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம். எவ்வளவுக்குள் சொல்ல வேண்டும் என்று உங்கள் நடைமுறை ஆவணத்தில் எழுதியிருப்பீர்கள். 15 நிமிடம் என்றால், மேலே சொன்ன கேஸ் 9 நிமிடத்தில் முடிந்திருக்கிறது. மெஷின், கம்ப்யூட்டர், சுவர்க் கடிகாரம் மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் ஐந்து நிமிடம் முன்னால் ஓடினால், ரிசல்ட் வருவதற்கு முன்பே டாக்டரிடம் சொன்னதாகப் பதிவு காட்டும். அப்புறம் மற்ற நேரங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது கேட்டவர். "வார்டு", "ஐ.சி.யூ. சிஸ்டர்" என்றெல்லாம் எழுதக் கூடாது. பெயரும் பொறுப்பும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் பணியாளர் எண்ணும் வேண்டும். நர்ஸிடம் சொல்லலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிகிச்சை தரும் மருத்துவரிடமோ, மருத்துவமனை அதற்கென அதிகாரம் கொடுத்தவரிடமோ சொல்லலாம். நர்ஸ் அந்த வரிசையில் இருக்கிறார் என்று உங்கள் நடைமுறையில் எழுத்தில் இருந்தால் சொல்லலாம். வரவேற்பறை ஊழியரிடமும் நோயாளியின் உறவினரிடமும் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று விடக் கூடாது. நர்ஸிடம் சொன்னால் பொறுப்பு அவர் கைக்குப் போகிறது. அவர் கேஸ் ஷீட்டில் லேபிலிருந்து கேட்ட நேரம், எண், எந்த டாக்டரிடம் எத்தனை மணிக்குச் சொன்னார் என்று எழுத வேண்டும். உங்கள் ரிஜிஸ்டரையும் அந்தக் கேஸ் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சங்கிலி அறுபடாமல் டாக்டர் வரை போக வேண்டும். பல இடங்களில் லேப் பக்கம் பளிச்சென்று இருக்கும், கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட இருக்காது. இதை நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட்டுடன் உட்கார்ந்து பேசித்தான் சரிசெய்ய முடியும்; லேப் தனியாக ஒன்றும் செய்ய முடியாது.

ரீட்-பேக் கட்டத்தில் வெறும் டிக் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். "ஓகே, நோட் பண்ணிக்கிட்டேன்" என்பது ரீட்-பேக் ஆகாது. கேட்டவர் எழுதி, எழுதியதைப் பார்த்துப் படித்தால்தான் தவறு வெளியே வரும். பிளேட்லெட் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். போனில் "ஃபிஃப்டீன் தவுசண்ட்" என்று சொன்னது "ஃபிஃப்டி தவுசண்ட்" என்று காதில் விழுவது மிகச் சுலபம். முதலாவது உடனே ஓட வேண்டிய எண், இரண்டாவதைக் கேட்டால் காலை ரவுண்ட்ஸ் வரை விட்டுவிடுவார்கள். அதனால் "ஒன், ஃபைவ், பதினைந்தாயிரம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிட்டு முழு எண்ணையும் சொல்லுங்கள். நோயாளியின் எண்ணையும் அவர் திருப்பிப் படிக்க வேண்டும். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது நம் ஊரில் அபூர்வமில்லை. தவறாகப் படித்துத் திருத்தப்பட்டால் அதையும் எழுதுங்கள். அந்தச் சிஸ்டரைக் காட்டிக்கொடுப்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. சரிபார்ப்பு நிஜமாக நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எடுக்கப்படாத அழைப்புகளை எழுதப் பலர் தயங்குகிறார்கள், தாமதம் தங்கள் தலையில் விழும் என்று பயந்து. உண்மையில் அவைதான் உங்களைக் காப்பாற்றும். 10.26-க்கு ரிசல்ட், 10.35-க்குச் சொன்னது என்று மட்டும் இருந்தால் நடுவில் லேப் சும்மா இருந்ததாகத்தான் தோன்றும். யாரும் கிடைக்கவில்லையென்றால் அடுத்து யார் என்ற வரிசையும் தரநிலை கேட்பதுதான். வார்டு, டியூட்டி டாக்டர், சிகிச்சை தரும் கன்சல்டன்ட், பிறகு மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் என்று உங்கள் மருத்துவமனைக்கு ஏற்றபடி வரிசை போட்டு, எண்களோடு போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நீல டிக்கை நம்பாதீர்கள். போன் யார் கையில் இருந்தது என்று டிக் சொல்லாது. டாக்டர் எண்ணைத் திருப்பி எழுதிப் பதில் அனுப்பினால், அந்த நேரத்தோடு பதிவில் சேர்க்கலாம்.

ரிசல்ட்டை மறுபடி ஓட்டிப் பார்ப்பது உங்கள் நடைமுறையில் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். அதற்காக முதல் போனைத் தள்ளிப்போட வேண்டாம். "முதல் ரிசல்ட் 7.1, ரிபீட் போய்க்கொண்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, ரிபீட் வந்ததும் இன்னொரு முறை சொல்லி, அதைத் தனி வரியாக எழுதுங்கள். சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருந்தால் அதைச் சொல்லிப் புதுச் சாம்பிள் கேட்டதும் பதிவுதான்.

திருத்தம் வந்தால் ஒயிட்னர் வேண்டாம். ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு சுருக்கக் கையெழுத்துப் போடுங்கள். வேலை நெருக்கடியில் பிந்தி எழுதினால் "பிந்தி எழுதியது, 23.50" என்று குறிப்பிடுங்கள். ஒரு பக்கம் முழுக்க 10.00, 10.30, 11.00 என்று வட்டமான நேரங்களும் ஒரே பேனாவின் ஒரே ஓட்டமும் இருந்தால், ஷிப்ட் முடிவில் உட்கார்ந்து நிரப்பியது என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

என்.சி.-யை மூடுவதற்குப் புதுப் படிவத்தை மட்டும் அனுப்பினால், அது வேலை செய்கிறதா என்று அசெசர் கேட்பார். ரிஜிஸ்டரை மட்டும் புரட்டினால் சொன்ன கேஸ்கள்தான் தெரியும், சொல்லாமல் விட்டவை தெரியாது. அதனால் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதத்தில் எல்லை தாண்டிய ரிசல்ட் எல்லாவற்றையும் லேப் மென்பொருளில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரிஜிஸ்டரில் வரி இருக்கிறதா என்று ஒத்துப்பாருங்கள். வரி இல்லாதவை ஒரு பட்டியல், 15 நிமிடம் தாண்டியவை ஒரு பட்டியல், ரீட்-பேக்கோ பெயரோ விட்டுப்போனவை ஒரு பட்டியல். எந்த ஷிப்ட், எந்த வார்டு என்று பிரித்துப் பார்த்தால் காரணம் தானாகத் தெரியும். வார்டில் இரவு எட்டு மணிக்கு மேல் போன் எடுப்பதில்லை என்பது போல. அந்தப் பட்டியல்களையும் அதற்குச் செய்த மாற்றத்தையும் படிவத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.