900 லைக் வந்தும் ரீல் ஏன் நகரவில்லை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் அடை ரீலுக்கு முதல் 10,000 பேர் பார்த்தபோதே 900 லைக் வந்தது. அத்தோடு நின்றுவிட்டது. அடுத்த வாரம் "ரேஷன் புழுங்கலரிசிக்கு எவ்வளவு உளுந்து?" என்று ஒரு ரீல் போட்டேன். அதுவும் 10,000 பேரைத் தொட்டபோது 300 லைக்தான். ஆனால் அது இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்ஸ்டாகிராம் லைக்கை மதிப்பதில்லையா?
*– சமையல் வீடியோ போடும் வாசகி, கும்பகோணம்*

மதிக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. அடை ரீலை ஷேர் செய்தவர்கள் 20 பேர், உளுந்து ரீலை ஷேர் செய்தவர்கள் 150 பேர். பார்த்தவர்களோடு வகுத்தால் முதலாவது 0.2 சதவீதம், இரண்டாவது 1.5 சதவீதம். அடை ரீலைப் பார்த்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் உங்களை ஏற்கெனவே பின்தொடர்பவர்கள். உளுந்து ரீலில் அது நாலு பேர்கூட இல்லை.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் இதை வெளிப்படையாகவே சொன்னார். அவர் முக்கியம் என்று சொன்னவை மூன்று: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். லைக்குக்குப் பின்தொடர்பவர்களிடம் கொண்டுபோகும்போது கொஞ்சம் கூடுதல் எடை, அனுப்புவதற்கு முன்பின் தெரியாதவர்களிடம் கொண்டுபோகும்போது கூடுதல் எடை என்றார்.

காரணத்தை யோசித்தால் நியாயமாகவே இருக்கிறது. உங்களைப் பின்தொடர்பவர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் லைக் போட்டுவிட்டுப் போகலாம். அது பெரும்பாலும் உங்களுக்குச் சொல்லும் வணக்கம். உங்களைத் தெரியாத ஒருவருக்கு அந்த அடை பிடிக்குமா என்பதை அதிலிருந்து அவ்வளவாகக் கணிக்க முடியாது. ஆனால் உளுந்து ரீலைப் பார்த்தவர் "இது நம்ம அக்காவுக்குத் தேவைப்படும்" என்று ஒரு குறிப்பிட்ட ஆளை நினைத்து அனுப்புகிறார். வீடியோவுக்கு உங்களோடு சம்பந்தமில்லாத பயன் ஒன்று இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கூடவே, அந்த அக்கா செயலியைத் திறக்கிறார், பதில் போடுகிறார், அங்கே ஒரு பேச்சு தொடங்குகிறது. கம்பெனிக்கு அதில் இருக்கும் லாபத்தையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்சைட்ஸில் சராசரியாக எத்தனை விநாடி பார்த்தார்கள் என்பதையும் இரண்டு ரீலுக்கும் ஒப்பிடுங்கள். 40 விநாடி ரீலை எல்லாரும் ஆறாவது விநாடியில் தள்ளிவிட்டுப் போனால், ஷேர் விகிதம் அதைத் தூக்கி நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு கமெண்ட் 27 லைக்குக்குச் சமம் என்று ஒரு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். உண்மையா?
*– கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

அந்த 27 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. ட்விட்டர் 2023 மார்ச் இறுதியில் தன் பரிந்துரை முறையின் நிரலை வெளியிட்டது. அடுத்த சில நாட்களில் வெளியான எடைப் பட்டியலில் லைக்குக்கு 0.5, ரீட்வீட்டுக்கு 1, பதிலுக்கு 13.5 என்று இருந்தது. 13.5-ஐ 0.5-ஆல் வகுத்தால் 27. கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

அந்த எடைகள் வந்து சேர்ந்த லைக்குகளோடு பெருக்கப்படுவதில்லை. உங்கள் முன்னால் ஒரு பதிவைக் காட்டலாமா என்று முடிவெடுக்கும் முன், நீங்கள் அதை லைக் செய்ய எவ்வளவு வாய்ப்பு, பதில் எழுத எவ்வளவு வாய்ப்பு என்று தனித்தனியாகக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு வாய்ப்பையும் அதற்குரிய எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். டிக்டாக்கின் உள் ஆவணம் ஒன்று 2021 டிசம்பரில் வெளியே வந்தபோது, அதிலும் இதே அமைப்புதான் எளிமையாக எழுதப்பட்டிருந்தது:

```
Plike × Vlike + Pcomment × Vcomment + Eplaytime × Vplaytime + Pplay × Vplay
```

P என்பது வாய்ப்பு, E என்பது எதிர்பார்க்கும் நேரம், V என்பது அந்தச் செயலுக்குக் கம்பெனி வைத்திருக்கும் மதிப்பு.

ட்விட்டர் எடைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாய்ப்புகள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. நீங்கள் ஒரு பதிவை லைக் செய்ய 2 சதவீத வாய்ப்பு என்றால் அதன் பங்கு 0.02 × 0.5, அதாவது 0.01. பதில் எழுதுவது அரிது. 0.1 சதவீதம் என்று வைத்தால் 0.001 × 13.5 = 0.0135. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்கின்றன, பார்த்தீர்களா? இது தற்செயல் இல்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு செயலும் மொத்த மதிப்பெண்ணில் சராசரியாக ஏறக்குறைய சமமான பங்கு தரும்படிதான் எடைகளை அமைத்தோம் என்று ட்விட்டர் குறிப்பிலேயே இருக்கிறது. பிறகு அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள்.

ஆக, கமெண்டின் எடை பெரிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம் அது அரிதானது என்பதே. எடை சின்னதாக இருந்தால் கூட்டலில் அது காணாமலே போய்விடும். பட்டியலில் வீடியோவைப் பாதி வரை பார்ப்பதற்கு வெறும் 0.005 தான் இருந்தது. வீடியோ பார்ப்பது ட்விட்டருக்கு முக்கியமில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஓடுகிற வீடியோவைப் பாதி வரை பார்த்துவிடுவது சாதாரணமாக நடப்பது, அவ்வளவுதான்.

அதே பட்டியலில் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒரு பதிவைப் புகார் செய்வதற்கு மைனஸ் 369. புகார் வாய்ப்பு 0.01 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் ஒன்று என்றாலும் 0.0369 கழிந்துவிடும். மேலே லைக்கும் பதிலும் சேர்ந்து கொடுத்தது 0.0235. மொத்தமும் போய்விட்டது. கமெண்ட் வரட்டும் என்று வம்புக்கு எழுதுகிறவர்கள் பார்க்க மறப்பது இந்த எண்ணைத்தான்.

அந்த எடைகள் 2023 ஏப்ரல் நிலவரம், அதுவும் ஒரே ஒரு கம்பெனியுடையது. இன்ஸ்டாகிராமுக்கும் யூடியூபுக்கும் அவற்றைப் பொருத்திப் பேசுகிறவரிடம் காசு கொடுத்துப் படிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

"கமெண்டில் YES போடுங்க, லிங்க் அனுப்புறேன்" என்று கேட்டால் கமெண்ட் குவிகிறது. ரீச் ஏறவில்லையே?
*– தையல் வகுப்பு நடத்துபவர், ஈரோடு*

கமெண்டைப் போல ஏமாற்றும் அடையாளம் வேறில்லை. திட்டுவதும் கமெண்ட், நன்றி சொல்வதும் கமெண்ட், உங்கள் YES-ம் கமெண்ட். இந்தப் பாடத்தை ஃபேஸ்புக் நிறைய விலை கொடுத்துத்தான் கற்றது. 2018 ஜனவரியில் "அர்த்தமுள்ள உரையாடல்" என்ற பெயரில் கமெண்டுக்கும் ரீஷேருக்கும் லைக்கைவிடப் பல மடங்கு எடை கொடுத்தார்கள். கோபத்தைக் கிளறும் பதிவுகள் மேலே வந்தன. 2021-இல் வெளியான உள் ஆவணங்கள் மூலம் இது பொதுவெளிக்கு வந்தது. கோப முகக்குறிக்கு ஒரு காலத்தில் லைக்கைப்போல் ஐந்து மடங்கு எடை இருந்தது, 2020 செப்டம்பரில் அதைப் பூஜ்யமாக்கினார்கள்.

நீங்கள் செய்வதுபோலக் கேட்டு வாங்கும் கமெண்டைப் பற்றி ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது: லைக், கமெண்ட், ஷேர், டேக் கேட்டுக் கெஞ்சும் பதிவுகளைக் கீழே இறக்குவோம் என்று. தண்டனை இல்லாவிட்டாலும் பயன் குறைவு. YES போட்டவர் லிங்குக்காகப் போட்டார். அவரைப் போன்ற இன்னொருவர் வீடியோவை முழுதாகப் பார்ப்பாரா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

உங்கள் பிளவுஸ் வீடியோவின் கமெண்டுகளில் ஒருவர் "38 அளவுக்குக் கைக்குழி எவ்வளவு ஆழம் வெட்டணும்?" என்று கேட்டிருந்தார். பதில் இல்லாமல் கிடக்கிறது. ட்விட்டர் பட்டியலில், வந்த பதிலுக்குப் பதிவைப் போட்டவரும் எதிர்வினை காட்டும் வாய்ப்புக்கு 75 எடை இருந்தது, வெறும் பதிலைவிட ஐந்தரை மடங்கு. அந்த எண்ணை இன்ஸ்டாகிராமுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் கேள்வி கேட்டவர் பதிலைப் பார்க்கத் திரும்பி வருவார், அந்தப் பதிலையே அடுத்த வீடியோவாக எடுக்கலாம். இருபது YES-ஐ விட அந்த ஒரு கேள்வியை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சேவ் செய்வதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது என்கிறார்களே?
*– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்*

எல்லா இடத்திலும் இல்லை. இன்ஸ்டாகிராம் 2023-இல் தன் முறையை விளக்கியபோது, எக்ஸ்ப்ளோர் பக்கத்துக்குக் கணிக்கும் முக்கியச் செயல்களாக லைக், சேவ், ஷேர் மூன்றையும் சொன்னது. ரீல்ஸுக்குச் சொன்ன பட்டியல் வேறு: மற்றவருக்குப் பகிர்வது, கடைசி வரை பார்ப்பது, லைக் போடுவது, அந்த ஒலியின் பக்கத்துக்குப் போவது. ஒலிப் பக்கம் எதற்கு என்றால், பார்த்தவர் தானும் ஒரு ரீல் எடுக்கத் தூண்டப்பட்டாரா என்று அறிய. அந்த முதன்மைப் பட்டியலில் சேவ் இல்லை.

சேவ் நல்ல அடையாளம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யார் சேவ் செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது, அதனால் அதில் மரியாதைக்காகச் செய்வது கிடையாது. ஆனால் அது வீடியோவின் வகையைப் பொறுத்தது. அளவு, செய்முறை, விண்ணப்பிக்கும் வழி எல்லாம் சேவ் ஆகும். நகைச்சுவை ஷேர் ஆகும், சேவ் ஆகாது. உங்கள் நகைச்சுவை ரீலின் சேவ் எண்ணைச் சமையல் ரீலோடு ஒப்பிட்டு வருந்தாதீர்கள். உங்கள் பழைய ரீல்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நாங்கள் 30 பேர் வாட்ஸ்அப் குழு வைத்து, போட்டவுடனே ஒருவருக்கொருவர் லைக், கமெண்ட், சேவ் எல்லாம் செய்கிறோம். நல்லதுதானே?
*– வாசகர், சேலம்*

நிறுத்திவிடுங்கள். கணிப்பு ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் விவசாய வீடியோவை முதலில் தொடுபவர்கள் நகைக்கடை, ஒப்பனை, பைக் பக்கங்களை நடத்துபவர்கள் என்றால், இது அவர்களைப் போன்றவர்களுக்கானது என்ற தவறான தடயத்தை நீங்களே கொடுக்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்குக் காட்டப்பட்டதும் இரண்டே விநாடியில் தள்ளிவிடுவார்கள். இன்சைட்ஸில் இது எப்படித் தெரியும் என்றால், முதல் அரைமணியில் லைக் மொத்தமாக ஏறியிருக்கும், சராசரிப் பார்வை நேரம் மட்டும் தரையில் கிடக்கும்.

யூடியூபிலும் இதே கணக்கா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

அடிப்படை ஒன்று, அழுத்தம் வேறு. யூடியூப் 2012-இலேயே பார்வை எண்ணிக்கையை விட்டுப் பார்க்கும் நேரத்துக்கு மாறியது. அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இரண்டு வகை இலக்குகளைப் பிரித்தார்கள். கிளிக்கும் பார்க்கும் நேரமும் ஈடுபாடு, லைக் போன்றவை திருப்தி. அங்கே லைக்கின் வேலை, நேரம் சொல்லாததைச் சொல்வது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எரிச்சலோடு போனவரையும் மனம் நிறைந்து போனவரையும் நேரத்தால் பிரிக்க முடியாது. அதற்காகவே சிலரிடம் "இந்த வீடியோ எப்படி இருந்தது?" என்று கருத்துக்கணிப்பும் கேட்கிறார்கள். உங்கள் நீண்ட வீடியோக்களுக்கு ஷேர் எண்ணைத் துரத்துவதைவிட, எந்த நிமிடத்தில் ஆட்கள் கலைகிறார்கள் என்று ஸ்டுடியோவில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில், "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க" என்று சொல்லும் 20-ஆவது விநாடியில்தான் கோடு செங்குத்தாக விழுகிறது.